மெழுகா, தெளிப்பானா?

மேகாலயத்தின் சோரா பகுதிக்கு ஜூன் மாதத்தில் கள ஆய்வுக்குப் புறப்படுவோர், நீர்காப்புக்கென ஒரே புட்டியை வாங்கி எல்லாக் காலணிகளின் மீதும் பயன்படுத்துகின்றனர். இது தவறான சிக்கனம். வழவழப்பான தோல் பூட்சுக்குத் தேன்மெழுகே தகும். தோலின் நுண்துளைகளிலும் தையல்களிலும் அது தங்கி நீரைத் தடுக்கும். நிறம் சற்றுக் கறுப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வலைத்துணி ஸ்னீக்கரிலோ அதே மெழுகு திட்டுத்திட்டாக உறைந்து காற்றோட்டத்தை அடைக்கும். அதற்குத் தெளிப்பானே ஏற்றது. ஆயினும் தெளிப்பான் இழைகளில் நீர் ஒட்டாமல் செய்யுமேயன்றித் துளைகளை மூடாது. ஓடையில் இறங்கினால் நீர் புகத்தான் செய்யும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பூசுவது என்ற கேள்வியே பொருந்தாதது. தூய்மை செய்து உலர்ந்த காலணியின் மீது சில துளி நீரை விட்டுப் பார்ப்பதே சரியான அளவுகோல். துளி உருண்டோடினால் பூச்சு இருக்கிறது. பரவி அவ்விடம் கறுத்தால் தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் விரல்கள் மடங்கும் இடமே முதலில் கறுக்கும், ஏனெனில் ஒவ்வோர் அடியிலும் மடிவது அதுதான். நாள்தோறும் சேற்றில் நடப்பவருக்குச் சில வாரங்களிலேயே இது நேரலாம். நகரத்தில் நடப்பவருக்கு ஒரு மழைக்காலம் முழுதும் தாங்கலாம்.

சேற்றின் மேல் பூசுவது வீண். ஒட்டிய மண் நீரை உறிஞ்சும், பூச்சும் தோலைச் சேராது. நனைந்த பூட்சை அடுப்பருகே வைப்பது மலைவீடுகளில் இயல்பே. ஆனால் அவ்வெப்பத்தில் தோல் விறைத்து வெடிக்கும், அடிப்பாகத்தின் பசையும் இளகும். செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்தினால் போதும்.