எந்த வாரத்தின் வருமானம்? டெலிவரி ஊழியர்கள் கேட்கும் விபத்துக் காப்பீடு

மழை பெய்த இரவில் ஓர் உணவு டெலிவரி ஊழியரின் வண்டி சறுக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே வேறு வாகனம் இல்லை. அவருக்குக் காறை எலும்பு முறிகிறது. எட்டு வாரங்களுக்கு வண்டி ஓட்டக் கூடாது என்கிறார் மருத்துவர். உயிருக்கு ஆபத்தில்லை, உறுப்பு இழப்புமில்லை. சட்டமும் காப்பீடும் கைவிடுவது இத்தகைய காயங்களைத்தான்.

மோதிய வாகனம் என்று ஒன்று இல்லாததால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் யாரிடம் இழப்பீடு கோருவது என்ற கேள்விக்கு விடையில்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 2 லட்சமும், ஒரு கண் அல்லது ஒரு கை, கால் செயலிழந்தால் 1 லட்சமும் தருகிறது. வண்டியின் உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது எடுக்கவேண்டிய 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடும் இறப்பையும் நிரந்தர ஊனத்தையுமே பார்க்கிறது. எட்டு வாரம் முடங்கிக் கிடப்பவருக்கு இவ்விரண்டிலும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இ.எஸ்.ஐ.யில் பதிவான ஆலைத் தொழிலாளி பணியில் காயமடைந்து தற்காலிகமாக முடங்கினால், அவருடைய ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். செயலி வழி வேலை செய்பவரைத் தொழிலாளி என்று ஏற்காததால் அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

நான் சட்ட ஆலோசனை வழங்கும் டெலிவரி ஊழியர் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்களுக்கான குழுக் காப்பீட்டைக் கேட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கோரிக்கை வரைவை அளித்திருக்கிறது. காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதைவிட, மூன்று சொற்களுக்கு என்ன பொருள் என்பதே பேச்சுவார்த்தையின் மையமாக இருக்கிறது: வருமானம், வேலை நேரம், இயலாமை.

முதலில் வருமானம். காப்பீட்டு நிறுவனம் சம்பளச் சீட்டையோ வருமான வரிக் கணக்கையோ கேட்கிறது. இவை இல்லாதவருக்கு நிலையான தொகை ஒன்றை முன்வைக்கிறது. ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கவேண்டும் என்று கொண்டுவந்த ‘சரள் சுரக்ஷா பீமா’ பாலிசியில், தற்காலிக முழு இயலாமைக்கான பயன் விருப்பத் தேர்வாக உள்ளது. அதன் அளவு வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையின் 0.2 விழுக்காடு. 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு வாரம் 1,000 ரூபாய். அவர் உண்மையில் எவ்வளவு ஈட்டினார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சங்கத்தின் கோரிக்கை வேறு. விபத்துக்கு முந்தைய 12 வாரங்களில் எல்லாச் செயலிகளிலிருந்தும் வங்கிக்கணக்கில் வந்த தொகையைக் கூட்டி, பெட்ரோல் செலவை மட்டும் கழித்து, சராசரி காணவேண்டும். வண்டி ஓடாதபோது பெட்ரோல் செலவில்லை என்பதால் அதைக் கழிப்பது நியாயம். வண்டிக் கடன் தவணை நிற்பதில்லை என்பதால் அதைக் கழிக்கக் கூடாது. அந்தச் சராசரியில் 70 விழுக்காட்டை, முதல் மூன்று நாட்கள் நீங்கலாக, வழங்கவேண்டும்.

மேலே சொன்ன ஊழியருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 12 வாரங்களில் அவருக்கு வந்தது 90,000 ரூபாய். பண்டிகை வாரத்தில் 11,000, காய்ச்சலில் படுத்த வாரத்தில் 2,000 என்று தொகை ஏறி இறங்கியிருக்கிறது. பெட்ரோலுக்கு 18,000 போக மீதி 72,000. வாரச் சராசரி 6,000. அதில் 70 விழுக்காடு 4,200, அதாவது நாளொன்றுக்கு 600 ரூபாய். 56 நாட்களில் முதல் மூன்று நாட்களை விட்டால், 53 நாட்களுக்கு 31,800 ரூபாய் கிடைக்கும். 0.2 விழுக்காட்டு முறையில் எட்டு வாரத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 8,000. அவர் இழந்ததோ 48,000. இடைவெளியை நிரப்பப்போவது வட்டிக்கடன்தான். நிலமோ சேமிப்போ கைமாற்றித் தர உறவினரோ இல்லாத தலித் குடும்பங்களில் எட்டு வார முடக்கம் பல ஆண்டுக் கடனாக நீள்வதை நாம் அறிவோம்.

முழு வருமானத்தையும் ஏன் கேட்கவில்லை? முழுத்தொகை கிடைத்தால் காயம் ஆறியபின்னும் ஊழியர் திரும்பமாட்டார் என்பது நிறுவனத்தின் அச்சம். 70 விழுக்காடும் மூன்று நாள் காத்திருப்பும் அந்த அச்சத்துக்கான விடை. ஆனால் ‘ஒழுங்கற்ற வருமானத்தை அளக்கவே முடியாது’ என்ற வாதத்தை ஏற்கமுடியாது. ராமச்சந்திரப்பா எதிர் ராயல் சுந்தரம் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், கூலித் தொழிலாளியிடம் வருமானத்துக்கு ஆவணச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று கூறி, அவர் சொன்ன மாத வருமானம் 4,500 ரூபாயை ஏற்றது. டெலிவரி ஊழியரிடமோ வாரந்தோறும் வங்கிப் பதிவே இருக்கிறது. விபத்துக்குப் பின் செயலியில் அடையாள எண் முடக்கப்பட்டால் பழைய கணக்கைப் பார்க்க முடியாது. ஆகவே வங்கி அறிக்கையே போதிய சான்று என்று பாலிசியிலேயே எழுதப்படவேண்டும்.

இரண்டாவது, வேலை நேரம். ஆர்டரை ஏற்றதிலிருந்து ஒப்படைக்கும்வரை மட்டுமே பாதுகாப்பு என்று நிறுவனம் சொல்கிறது. ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆர்டருக்காகக் கடைத்தெருவுக்குத் திரும்பும் வழியில் விழுந்தால் ஒன்றும் கிடைக்காது. செயலியில் உள்நுழைந்தது முதல் வெளியேறியபின் வீடு சேரும் ஒரு மணி நேரம்வரை என்று சங்கம் கேட்கிறது.

மூன்றாவது, இயலாமை. ‘எந்த வேலையும் செய்ய இயலாத நிலை’ என்பது தனிநபர் விபத்துக் காப்பீடுகளில் வழக்கமாகக் காணப்படும் வரையறை. காறை எலும்பு முறிந்தவர் நாற்காலியில் அமர்ந்து தொலைபேசியில் பேசலாம் என்று சொல்லி உரிமைக்கோரலை மறுக்க இதுவே போதும். ‘இருசக்கர வாகனம் ஓட்டிச் செய்யும் தன் வழக்கமான வேலையைச் செய்ய இயலாத நிலை’ என்று மாற்றினால், மருத்துவச் சான்றிதழும் அந்தக் கேள்விக்கே விடை சொல்லும்.

பிரீமியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுத் தொகையை ஒரே தவணையில் கட்ட ஊழியர்களால் இயலாது. வாரத் தவணையே பொருந்தும். ஆனால் 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் நிறுவனம் பொறுப்பேற்க முடியாது. தவணை தவறிய வாரத்தில் விபத்து நேர்ந்தால் பாதுகாப்பு இருக்காது. எனவே நிறுவனத்திடம் சங்கத்தின் பெயரில் ஒரு முன்வைப்புத் தொகை இருக்கவேண்டும். தவறிய தவணை அதிலிருந்து எடுக்கப்பட்டு, பின்னர் உறுப்பினரிடம் வசூலாகும்.

அந்த முன்வைப்புத் தொகையை யார் தருவது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 114ஆம் பிரிவு, செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைச் சமூகப் பாதுகாப்புக்குச் செலுத்தவேண்டும் என்கிறது. ஊழியர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காடு அதன் உச்சவரம்பு. விபத்துக் காப்பீடு அப்பிரிவிலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் வருமான இழப்பு என்ற சொல் அங்கே தனியாக இல்லை. அந்நிதியிலிருந்து வரும் திட்டமும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே தொகை அறிவித்து முடிந்துவிடக்கூடும்.

சங்கத்தின் வரைவு இன்று ஒரு தனியார் நிறுவனத்தின் மேசையில் இருக்கிறது. நாளை அரசு வகுக்கும் திட்டத்திலும் கேட்கவேண்டியவை இதே மூன்று வரையறைகள்தான். அதுவரை ஒவ்வோர் ஊழியரும் வாரக்கணக்கைப் படமெடுத்துச் செயலிக்கு வெளியே சேமித்து வைக்கட்டும். விழுந்தபின் அவருடைய உழைப்புக்குச் சாட்சி சொல்லப்போவது அதுவே.