ஒரே ஒரு கேள்வி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நிகழ்ச்சிக்கான பாடல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் சின்னம்மா மகனிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா, கிடைக்கல. பதில் எழுதியிருக்கேன். அனுப்பலாமான்னு பாருங்க."

ஷா ஆலமில் ஒரு சரக்கு நிறுவனம். கிடங்கில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எப்போது தருவிக்க வேண்டும் என்று திட்டமிடும் வேலை. இரண்டு சுற்று நேர்காணல் முடிந்து, கடைசி மூவரில் ஒருவனாக வந்திருந்தான். அன்று மாலை ஐந்து மணிக்கு மனிதவளப் பிரிவிலிருந்து நான்கு வரியில் மின்னஞ்சல் வந்தது. இவன் பதில் எழுதி முடித்தது ஐந்தே முக்காலுக்கு. அந்த நேரக் கணக்கைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: "வாய்ப்பளித்ததற்கு நன்றி. உங்கள் முடிவு எனக்கு வியப்பாக உள்ளது. விளம்பரத்தில் கேட்டிருந்த தகுதிகள் அனைத்தும் என்னிடம் இருந்தன. நான்கு ஆண்டு அனுபவமும் உண்டு. நேர்காணலும் நன்றாகவே நடந்ததாக உணர்ந்தேன். ஆகவே, நான் ஏன் தேர்வு செய்யப்படவில்லை என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்."

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் இதைத் திறந்து படிக்கப் போகும் அந்தப் பெண்மணியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். 'வியப்பாக உள்ளது' என்றால், நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 'தகுதிகள் அனைத்தும் இருந்தன' என்பது வாதம். கடைசியில் 'ஏன்' என்று கேட்டால், எடுத்த முடிவுக்கு எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்று கேட்பதாகிறது. எழுதிக் கொடுத்தது நாளைக்குப் புகாராகத் திரும்பி வருமோ என்று எந்த நிறுவனமும் யோசிக்கும். பல இடங்களில் காரணம் சொல்லக்கூடாது என்றே விதி வைத்திருப்பதும் அந்தப் பயத்தில்தான். இந்தக் கடிதத்துக்கு வரக்கூடிய பதில் ஒன்றுதான்: 'உங்களைவிடப் பொருத்தமான ஒருவர் கிடைத்தார்.' அதை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வான்?

"ரெண்டு நாள் அப்படியே வை. வியாழக்கிழமை காலையில பேசலாம்" என்றேன்.

அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள்தான் சரியான இடைவெளி. அன்றைக்கே எழுதினால் கோபம் நம்மை அறியாமல் வரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று வாரம் கழித்து எழுதினால் நேர்காணல் நடத்தியவருக்கு உங்கள் முகமே மறந்திருக்கும், அவர் எழுதிய குறிப்புகளும் கோப்புக்குள் போயிருக்கும்.

சின்னம்மாவுக்கு வேறு கருத்து இருந்தது. "நம்மாளுன்னுதான் எடுக்கலை. எழுதி என்னாவப் போவுது?" இதை நான் சிரித்துத் தள்ளிவிட மாட்டேன். அப்படி நடப்பதும் உண்டு என்பது இதைப் படிக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் அது வேறு விஷயம், அதற்கு ஆதாரம் வேண்டும், போகும் வழியும் வேறு. கருத்துக் கேட்டு எழுதும் கடிதத்துக்குள் அந்தச் சந்தேகத்தை அரைகுறையாகக் கலந்தால் இரண்டு காரியமும் கெடும். "உனக்கு அப்படி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று தம்பியிடம் நேராகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லக்கா, நல்லாத்தான் பேசுனாங்க" என்றான்.

வியாழக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் பத்தரை மணிக்கு ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக் ஆறும் வரை பேசியது ஒரே விஷயம்: கேள்வி என்ன?

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒலியேறிய நிகழ்ச்சியின் பதிவை மேலாளரோடு உட்கார்ந்து திரும்பக் கேட்போம். 'ஏர்செக்' என்போம். புதிதில் நான் ஒவ்வொரு தடவையும் "ஏன் நல்லா இல்லை?" என்று கேட்பேன். "பரவாயில்லை, போகப் போகச் சரியாயிடும்" என்ற பதில்தான் வரும். யாருக்கும் முகத்துக்கு நேரே காயப்படுத்த மனம் வருவதில்லை. ஒருநாள் சலித்துப்போய், "நாளைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்தணும்னா எதை மாத்தட்டும்?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: "பாட்டு முடியறதுக்குள்ள பேச ஆரம்பிச்சிடற." எனக்குத் தெரியவே தெரியாத பழக்கம் அது.

தம்பியின் கேள்வியையும் அப்படித்தான் திருப்பினோம். முடிந்துபோன முடிவைப் பற்றிக் கேட்கக்கூடாது. அடுத்த நேர்காணலைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றி, ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும். படித்தவர் இரண்டு நிமிடத்தில் பதில் எழுதிவிட முடிய வேண்டும்.

கடைசியில் அனுப்பியது இது:

"வணக்கம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. எனக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் உங்கள் முடிவை மதிக்கிறேன். இரண்டாம் சுற்றில் கிடங்கு மேலாளர், திருப்பி அனுப்பப்படும் பொருள்களை உங்கள் நிறுவனம் எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்று விளக்கியது எனக்குப் புதிதாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்கலாமா? இதே போன்ற வேலைக்கு நான் அடுத்து நேர்காணலுக்குப் போகும்போது, என் பதில்களில் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது எது? ஓரிரு வரி போதும். மேலாளரிடமும் கேட்டுச் சொல்ல முடிந்தால் மகிழ்ச்சி. நிறுவன விதிப்படி சொல்ல இயலாவிட்டால் புரிந்துகொள்வேன். குழுவில் சேரும் புதியவருக்கு என் வாழ்த்துகள்."

'ஏமாற்றம்தான்' என்ற சொல்லை வைப்பதா எடுப்பதா என்று கொஞ்சம் தர்க்கம் நடந்தது. வைக்கச் சொன்னேன். ஏமாற்றமே இல்லை என்பதுபோல் எழுதினால் அது நடிப்பாகத் தெரியும். ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். திருப்பி அனுப்பிய பொருள்களைப் பற்றிய வரியும் முக்கியம். அன்று அந்த அறையில் நடந்த ஒன்றைக் குறிப்பிட்டால், இது எல்லா நிறுவனத்துக்கும் ஒட்டி அனுப்பிய கடிதம் இல்லை என்று படிப்பவருக்குத் தெரியும். விதிப்படி முடியாவிட்டால் பரவாயில்லை என்ற வரியை அவன் எடுக்கப் பார்த்தான். "அதைச் சொன்னா அதையே சாக்கா வச்சிக்க மாட்டாங்களா?" வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மறுக்க வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மனிதர்கள் நிம்மதியாகப் பேசுகிறார்கள்.

புது மின்னஞ்சலாக எழுதாமல், அவர்கள் அனுப்பிய கடிதத்துக்கே பதிலாக அனுப்பினான். அப்போதுதான் எந்த வேலை, எந்த ஆள் என்று அவர்கள் தேட வேண்டியிருக்காது. மேலாளரின் கைப்பேசி எண் எப்படியோ இவனிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடட்டுமா என்று கேட்டான். அவராகக் கொடுத்த எண் இல்லை என்றதும் வேண்டாம் என்றேன். தொடக்கத்திலிருந்தே எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது என்றால் அதிலேயே கேட்பதில் தவறில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேர்காணலுக்கே கூப்பிடாமல் விண்ணப்பத்தோடு நின்றுபோன இடத்துக்கு இப்படி எழுதிப் பயனில்லை. அங்கே உங்களை யாரும் பார்க்கவில்லை, சொல்வதற்கு அவர்களிடம் எதுவும் இருக்காது.

ஆறு நாள் சத்தமே இல்லை. "மறுபடி கேட்கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். இரண்டு வாரம் போகட்டும், ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடு என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் பல கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. வந்தாலும் அது உங்களைப் பற்றியதாகவே இல்லாமல் போகலாம். உள்ளேயே ஒருவர் அந்த இடத்துக்குக் காத்திருந்திருப்பார், அல்லது நீங்கள் கேட்ட சம்பளம் அவர்கள் கணக்குக்கு மேலே இருந்திருக்கும்.

ஏழாம் நாள் பதில் வந்தது. மேலாளர் சொன்னதை அந்தப் பெண்மணி மூன்று வரியில் எழுதியிருந்தார். 'உங்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் எல்லாப் பதிலிலும் "நாங்கள் செய்தோம்" என்றே சொன்னீர்கள். கணக்கு வேறுபாட்டைக் கண்டுபிடித்த கதையில் உங்கள் பங்கு எது, குழுவின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.'

அந்தக் கதை எனக்குத் தெரியும். பழைய வேலையிடத்தில் மாதா மாதம் கிடங்குக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பொருள்களை வாசலில் ஒரு தடவையும் அலமாரியில் ஏற்றும்போது இன்னொரு தடவையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அதை மூன்று இரவு உட்கார்ந்து தனியாகக் கண்டுபிடித்தவன் இவன்தான். நேர்காணலில் "நாங்க பார்த்தோம், நாங்க சரி பண்ணோம்" என்று சொல்லியிருக்கிறான். நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படித்தானே வளர்க்கிறோம். நான், நான் என்று பேசினால் தலைக்கனம் என்போம். அந்த அடக்கம் அன்றைக்கு அந்த மேசையில் அவன் செய்த வேலையையே மறைத்துவிட்டது.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, அதைக் கண்டுபிடிச்சதே நான்தான்! இப்பவே எழுதுறேன்."

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். முதல் கடிதத்தைப் பொறுமையாக எழுதிவிட்டு, பதில் வந்ததும் வாதாட ஆரம்பிப்பார்கள். அந்த மேலாளர் இனி யாருக்கும் கருத்துச் சொல்ல மாட்டார். "அவங்க உன்னைத் தப்பா சொல்லலை. அவங்க காதுல விழுந்ததைச் சொல்லியிருக்காங்க" என்றேன். அரை மணி நேரம் பேசாமல் இருந்தான். பிறகு இரண்டு வரி எழுதினான்: 'நேரம் ஒதுக்கிச் சொன்னதற்கு நன்றி. நான் கவனிக்காத ஒன்று இது, அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன்.' நியாயம் கேட்கவில்லை, மறுபடி வாய்ப்பும் கேட்கவில்லை.

ஒருவர் சொன்னது ஒருவருடைய பார்வைதான், அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவனிடம் சொன்னேன். சரிபார்க்க ஒரு வழி இருந்தது. அதே கதையை என்னிடம் சொல்லச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, ஏர்செக் மாதிரி திரும்பக் கேட்டோம். ஒன்றரை நிமிடத்தில் பதினோரு 'நாங்க'. அவனே எண்ணினான், எண்ணி முடித்ததும் சிரித்துவிட்டான்.

இப்போது வேறு மாதிரி சொல்லிப் பழகுகிறான்: "கணக்கு உதைக்கிற விஷயத்தை ஆறு பேர் கொண்ட எங்கள் குழு கவனித்தது. இரண்டு தடவை பதிவாகிறது என்று கண்டுபிடித்தது நான். வாசல் பதிவை நிறுத்தச் சொல்லி மேலாளருக்கு எழுதிக் கொடுத்ததும் நான். அதைக் கிடங்கில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது குழு." குழுவுக்கு உரியது குழுவுக்கே போகிறது, அவனுடையதும் காணாமல் போகவில்லை.

வரும் புதன்கிழமை கிள்ளானில் ஒரு நேர்காணல் இருக்கிறது. நேற்று இரவு குரல் செய்தி அனுப்பியிருந்தான், ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதில் இரண்டு 'நாங்க' தேவையில்லாமல் இருந்தன. எந்த இடம் என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.