பேர்ல ராகி, பாக்கெட்ல அரிசி

1/
போன வாரம் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணினான். தோசை மாவு, இன்ஸ்டன்ட் மிக்ஸ் பிசினஸ் ஆரம்பிக்கிறானாம். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுகளுக்கு மாவு, வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு மிக்ஸ். "மச்சான், ரெண்டு பேர் யோசிச்சு வெச்சிருக்கேன். 'டாக்டர்ஸ் ராகி' இல்லன்னா 'சுகர் ஃப்ரெண்ட்லி தோசை'. நீ டாக்டர், எது நல்லா இருக்குன்னு சொல்லு"ன்னான்.

ரெண்டுமே வேண்டாம்னேன். ஏன்னு போன்ல சொல்லி முடிக்க முடியல. அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மாவு பாக்கெட் வாங்குறது தப்புன்னு சொல்ல வரல. நைட் டியூட்டி முடிச்சு வந்து கிரைண்டர் கழுவ எனக்கும் தெம்பு இல்ல, நானும் வாங்குறேன். காலைல ஆறரை மணிக்கு ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டுற அம்மாவுக்கு "வீட்லயே அரைங்க"ன்னு அட்வைஸ் பண்ற டாக்டர் நான் இல்ல. என் சண்டை மாவோட இல்ல, பேரோட.

3/
எங்க ஆஸ்பத்திரி சர்க்கரை ஓ.பி.க்கு மாசாமாசம் வர்ற ஒரு அம்மா. வயசு 58. மாத்திரையை ஒழுங்கா போடுவாங்க. மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்.பி.ஏ.1.சி. அவங்களுக்கு 7.2-ல இருந்தது. அடுத்த தடவை பார்த்தா 8.5. மாத்திரை மாறல, காய்ச்சல் எதுவும் இல்ல, கல்யாண வீடு விருந்தும் இல்ல.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களாம்மா?"

"நல்லதாத்தான் சார் மாத்துனேன். மருமக ஆபீஸ் போறா, மாவு அரைக்க நேரமில்ல. ராகி தோசை பாக்கெட் வாங்கிட்டு வந்தா. ராகின்னா சுகருக்கு நல்லதுதானே? காலைல நாலு ஊத்திக்கிறேன்."

முன்னாடி எத்தனைன்னு கேட்டேன். ரெண்டு.

4/
அடுத்த தடவை வரும்போது பாக்கெட்டைக் கொண்டு வரச் சொன்னேன். முன்பக்கம் பெரிய எழுத்துல "ராகி", பக்கத்துல கேழ்வரகுக் கதிர் படம். பின்பக்கம் பொடி எழுத்துல: அரிசி மாவு, உளுந்து மாவு, ராகி மாவு (15%), உப்பு, வெந்தயம்.

நம்ம நாட்டு லேபிள் விதிப்படி, எது எடையில அதிகமோ அது பட்டியல்ல முதல்ல வரணும். ஆக அது ராகி தோசை மிக்ஸ் இல்ல. அரிசி தோசை மிக்ஸ்ல கொஞ்சம் ராகி, நிறத்துக்கும் பேருக்கும்.

5/
அந்த 15% என்ன செஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில மாவுச்சத்து சுமார் 78 கிராம். ராகியில 67. உளுத்தம்பருப்புல 51.

அரிசி, உளுந்து எவ்வளவுன்னு பாக்கெட்ல இல்ல. அரிசி 60, உளுந்து 20-ன்னு வெச்சுக்குவோம். 100 கிராம் மிக்ஸ்ல மாவுச்சத்து சுமார் 67 கிராம் வருது. அந்த ராகியை எடுத்துட்டு அரிசியையே போட்டிருந்தா? 69. வித்தியாசம் 2 கிராம்கூட இல்ல. அரை ஸ்பூன் சர்க்கரை.

6/
இப்போ அந்த அம்மாவோட தட்டுக்கு வருவோம். ஒரு தோசைக்கு 40 கிராம் மிக்ஸ்னு எடுத்துக்கோங்க. நாலு தோசையில ராகி மிச்சப்படுத்திக் கொடுத்தது 3 கிராம் மாவுச்சத்து. "ராகிதானே"ன்னு சேர்த்து ஊத்திக்கிட்ட ரெண்டு தோசையில உள்ளே போனது 50 கிராமுக்கு மேல. தினமும்.

மாவு அந்த அம்மாவைக் கெடுக்கல. பழைய தோசைதான் அது. பேர்தான் ரெண்டு தோசையை நாலாக்குச்சு.

7/
"முழு ராகியா இருந்திருந்தா?"ன்னு கேப்பீங்க. ராகி நல்ல தானியம். அரிசியைவிட நார்ச்சத்து பல மடங்கு, கால்சியம் 100 கிராமுக்கு 360 மில்லிகிராம் சுமார். ஆனா மேல சொன்ன 67-ஐ மறுபடி பாருங்க. அதுவும் மாவுச்சத்துதான். நைசா அரைச்ச மாவு இன்னும் சீக்கிரமா செரிக்கும். ராகியையும் எண்ணித்தான் சாப்பிடணும். "சுகர் ஃப்ரெண்ட்லி"ங்கிற பேர் "எண்ண வேண்டாம்"னு சொல்லுது. அதான் பிரச்சனை.

8/
கம்பெனி சட்டத்தை மீறிச்சா? இல்ல. ஒரு பொருளைப் பேர்லயோ படத்துலயோ தூக்கிக் காட்டினா அதோட சதவீதத்தை லேபிள்ல போடணும்னு விதி இருக்கு. போட்டிருக்காங்க. பின்பக்கம்.

"ஜனங்க படிச்சுப் பார்த்து வாங்கணும் டாக்டர்"னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். எங்க படிக்கிறது? ஆப்ல ஆர்டர் பண்றப்ப கட்டைவிரல் நகம் அளவு படம் தெரியும், பேர் தெரியும். அவ்வளவுதான். ஷார்ஜால ஒரே ரூம்ல ஆறு பேரோட தங்கி, ஷிப்ட் முடிச்சு ராத்திரி பதினொரு மணிக்கு சூப்பர் மார்க்கெட் போறவர் பாக்கெட்டைத் திருப்பி பொடி எழுத்தைப் படிப்பாரா? அவர் வாங்குறது பேரைத்தான்.

9/
"நேச்சுரல், ட்ரடிஷனல்"னு பிராண்ட் பேர்லயே வெச்சு, அது ஆளைத் தப்பா நினைக்க வைக்கும்னா, "இது பிராண்ட் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது"ன்னு 3 மில்லிமீட்டர் எழுத்துல போடணும்னு 2018 விதி சொல்லுது. யோசிச்சுப் பாருங்க. பொய்னு தெரியுது, ஆனா அதைத் தடுக்காம பக்கத்துல ஒரு வரி எழுதச் சொல்றோம்.

10/
இந்த "ஒரு வரி எழுதினா போதும்" வைத்தியம் எவ்வளவு தூரம் வேலை செய்யும்னு ஓ.ஆர்.எஸ். கதையில பார்த்துட்டோம். சர்க்கரை அதிகமுள்ள பானங்கள் பேர்ல "ஓ.ஆர்.எஸ்."னு ஒட்டிக்கிட்டு மெடிக்கல்ல வித்துச்சு. வயித்துப்போக்குல வாடின குழந்தைக்கு அதைக் கொடுத்தா தண்ணிச்சத்து இன்னும் குறையலாம். ஹைதராபாத் குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா இதுக்காகப் போராடினாங்க.

2022 ஏப்ரல்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேருக்குத் தடை போட்டுச்சு. அதே ஜூலையில "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல"ன்னு எழுதிட்டா வெச்சுக்கலாம்னு தளர்த்துச்சு. 2025 அக்டோபர்ல அந்தத் தளர்வையும் எடுத்துட்டு, முன்னாடி பின்னாடி எதைச் சேர்த்தாலும் பேர்ல ஓ.ஆர்.எஸ். வரக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

பொடி எழுத்து பெரிய எழுத்தை ஜெயிக்காது. இதைப் புரிஞ்சுக்க நமக்கு மூணு வருஷம் ஆச்சு.

11/
என் ஃப்ரெண்டோட அடுத்த பிளான் இன்னும் நுட்பமானது. உள்ளூர்ல ஈர மாவு. சிங்கப்பூர், துபாய்க்கு உலர் மிக்ஸ். ரெண்டுக்கும் ஒரே பேர். "பிராண்ட் ஒண்ணுதானே மச்சான்."

பொருள் ஒண்ணு இல்லடா. ஈர மாவுங்கிறது அரிசி, உளுந்து, உப்பு, வெந்தயம். கிருமிகள் புளிக்க வெச்சு, அதுல வர்ற வாயுவாலதான் இட்லி உப்பும். ஃப்ரிட்ஜ்ல இருந்தாலும் மெதுவா புளிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் தூரம் போக முடியாது. உலர் மிக்ஸ்ல புளிக்கிறதுக்கே நேரம் இல்ல. பெரும்பாலும் சமையல் சோடாவும் ஒரு அமிலமும் சேர்த்து, தண்ணி பட்டதும் பொங்க வைப்பாங்க. பட்டியல்ல ஐ.என்.எஸ். 500-ன்னு இருந்தா அது சோடா வகை.

12/
இது எதுக்கு டாக்டருக்குன்னா, உப்பு. 100 கிராம் மிக்ஸ்ல 1.5 கிராம் சமையல் சோடா போட்டா, அதுல இருக்கிற சோடியம் சுமார் 1 கிராம் உப்புல இருக்கிற அளவு. உப்பு தனி. ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்குள்ள இருங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊர்ல சாப்பிட்ட அதே பேர்தானேன்னு நம்பி, பிரஷர் மாத்திரை போடுறவர் அங்கே தினமும் அதைச் சாப்பிடுவார். ஊர் மாவு சம்பாதிச்ச நம்பிக்கையை அந்தப் பேர் இன்னொரு பொருளுக்கு மாத்திக் கொடுக்குது.

மிக்ஸ் விக்கக்கூடாதுன்னு இல்ல. "சோடா சேர்த்த இன்ஸ்டன்ட் இட்லி மிக்ஸ்"னு பேர்லயே சொல்லிட்டு வில்லு.

13/
"டாக்டர்ஸ்"ங்கிற பேருக்கு வருவோம். மருத்துவர் பரிந்துரைச்சதுன்னு தோணுற மாதிரி உணவை விளம்பரம் பண்ண நம்ம விதியில இடமில்ல. ஐரோப்பிய ஒன்றியத்துலயும் தனி டாக்டரோட பரிந்துரையைக் காட்டி விக்க முடியாது. "ஹோம் மேட்"னு ஃபேக்டரி மாவுல போட்டு ஏமாத்துறதும் கூடாது. சட்டத்தை விடுங்க. அந்த 58 வயசு அம்மா என் பேச்சை நம்புறாங்களே, அதுதான் என் ஒரே சொத்து. அதை பாக்கெட்ல அச்சடிச்சு விக்க எனக்கு உரிமை இல்ல.

14/
சரி, என்ன பேர்தான் வைக்கிறது? பிராண்டுக்கு என்ன வேணா வைங்க. உங்க ஊர் பேர், ஆத்து பேர், உங்க அம்மாவோட சொந்தப் பேர். அதெல்லாம் யாரையும் ரெண்டு தோசை கூட ஊத்திக்கச் சொல்லாது. பொருளோட பேர்ல மட்டும் ஒரே ஒரு ரூல்: பின்பக்கப் பட்டியல்ல எது முதல்ல இருக்கோ, அதுதான் முன்பக்கப் பேர்லயும் முதல்ல வரணும். "அரிசி உளுந்து தோசை மிக்ஸ், ராகி 15% சேர்த்தது". அதே எழுத்து, அதே சைஸ்.

ராகிங்கிற பேர்தான் வேணுமா? ராகியைப் பட்டியல்ல முதல் இடத்துக்குக் கொண்டு வாங்க. தோசை அவ்வளவு மொறுமொறுன்னு வராது, கல்லுல கொஞ்சம் பிய்யும். அதுக்கு பயந்துதான் அரிசியைக் கொட்டுறீங்க. பரவாயில்ல, கொட்டுங்க. பேர்லயும் அரிசியைப் போடுங்க.

15/
ஃப்ரெண்டுக்கு ஒரு சோதனை கொடுத்தேன். "உங்க அம்மாவுக்கு சுகர் இருக்குல்ல? போன்ல பேரை மட்டும் சொல்லு. பாக்கெட்டைக் காட்டாத. 'இது எத்தனை சாப்பிடலாம்மா?'ன்னு கேளு. வழக்கத்தைவிட அதிகமா சொன்னாங்கன்னா அந்தப் பேரைத் தூக்கிப் போடு."

நேத்து மெசேஜ் அனுப்பினான். அவங்க அம்மா சொன்ன பதில்: "ராகிதானேப்பா, வயிறு நிறைய சாப்பிடலாம்."

பேரை மாத்துறானாம்.

16/
வாங்குறவங்களுக்கு: வீட்ல இருக்கிற பாக்கெட்டை இப்போ திருப்பிப் பாருங்க. பட்டியல்ல முதல் பேர் எதுவோ, நீங்க சாப்பிடுறது அதுதான். முன்பக்கத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி. சுகர் இருந்தா தோசையை எண்ணுங்க, ராகியா இருந்தாலும்.

அந்த அம்மா இப்போ மறுபடி ரெண்டுக்கு வந்துட்டாங்க. அதே பாக்கெட்தான். ஒரே ஒரு மாற்றம்: மருமக டப்பாவுல கொட்டி வெச்சு, மேல மார்க்கர்ல "அரிசி மாவு"ன்னு எழுதி ஒட்டியிருக்காங்களாம்.