பெயர்ச்சொல்லில் முடியும் உரையும் வினாவில் தொடங்கும் ஆய்வும்

பள்ளிக் காலைக் கூட்டங்களில் ஒரு மாணவர் மேடையேறி, "செயல்திட்டத்திற்கான தலைப்பை நம் ஊரின் பிரச்சினைகளிலிருந்தே தேர்ந்தெடுப்போம்" என்று உரையாற்றுவது இன்று இந்தியா முழுவதும் வழக்கமாகிவிட்டது. 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் தத்தம் வட்டாரத்துச் சிக்கல்களை ஆராயுமாறு கேட்டுக்கொள்வதும் இவ்வழக்கத்திற்கு ஒரு காரணம். அறிவுரையில் பிழையில்லை. ஆயினும், அவ்வுரைகளுள் பல தண்ணீர், குப்பை, போக்குவரத்து, நெகிழி என்று சில பெயர்ச்சொற்களை அடுக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன. கேட்ட மாணவர் 'தண்ணீர்ப் பிரச்சினை' என்று தலைப்பெழுதி, பாடநூலிலிருந்து ஒரு வடிகட்டியின் மாதிரியைச் செய்து கொண்டுவருகிறார். ஊர் தலைப்பில் மட்டுமே இருக்கிறது, ஆய்வில் இல்லை.

பிரச்சினை என்பது பெயர்ச்சொல். ஆய்வு தொடங்குவதற்கு வேண்டியது வினாவாக்கியம். மூன்று நிமிட உரை ஒன்றே ஒன்றைச் செய்தால் போதும்: ஒரு பெயர்ச்சொல் எவ்வாறு விடை காணத்தக்க வினாவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காட்டிவிட வேண்டும்.

தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கு நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் மருத்துவ ஏட்டில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலிருந்து. மழை குறைந்த நிலத்தில், கருங்கல் பாறையிடுக்குகளில் நீண்டகாலம் தங்கும் நீர், பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்ட நீரை இளம்பிள்ளைகள் தொடர்ந்து பருகினால் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் தோன்றுகின்றன. மிகுந்த அளவில் பல்லாண்டுகள் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன.

இவ்வூரில் ஒரு மாணவர் 'நம் நீரில் ஏன் புளோரைடு இருக்கிறது?' என்று கேட்டால், விடை நிலவியல் நூலில் முன்பே இருக்கிறது; அவர் அதைப் படியெடுக்கத்தான் முடியும். 'இதை எவ்வாறு ஒழிப்பது?' என்று கேட்டால், அது பொறியாளர்களும் அரசும் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கும் பணி. பள்ளி மாணவரின் மூன்று மாத உழைப்புக்கு இசைவான வினாச்சொற்கள் 'எங்கே', 'எத்தனை', 'எப்போது' என்பவை. அவற்றுள் 'எப்போது' என்பது இங்குத் தனிச்சிறப்புடையது.

ஏனெனில் பல் ஒரு காலப்பதிவேடு. நிலைத்த முன்பற்களின் எனாமல் பெரும்பாலும் பிறந்து நான்கைந்து ஆண்டுகளுக்குள் உருவாகிவிடுகிறது. அப்பற்களோ ஆறு வயதுக்குப் பின்னரே ஈறுக்கு வெளியே வருகின்றன. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்பல்லில் உள்ள கறை, அவர் இன்று பருகும் நீரைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. சிறு குழந்தையாக இருந்தபோது பருகிய நீரையே கூறுகிறது. 2016இல் தொடங்கப்பட்ட 'மிஷன் பகீரதா' திட்டத்தின்வழி ஆறு, நீர்த்தேக்கம் ஆகியவற்றின் நீர் குழாய்களில் ஊர்களுக்கு வரலாயிற்று. எனவே வினா இவ்வாறு கூர்மை பெறுகிறது: 'நம் ஊருக்குக் குழாய்நீர் வந்த ஆண்டுக்கு முன் முன்பற்கள் உருவான பிள்ளைகளுக்கும், அதன்பின் உருவானவர்களுக்கும் இடையே பற்கறையில் வேறுபாடு உண்டா?' இதற்குக் கருவி வேண்டியதில்லை. ஊராட்சியிலிருந்து குழாய்நீர் வந்த ஆண்டும், வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் பிறந்த ஆண்டும், கூர்ந்த பார்வையும் போதும்.

பார்வைக்கும் இலக்கணம் உண்டு. புளோரைடுத் திட்டு பெரும்பாலும் இடப்பக்கப் பல்லிலும் அதற்கு இணையான வலப்பக்கப் பல்லிலும் ஒத்த வடிவில் தோன்றும், கோடுகள் பல்லின் குறுக்கே கிடைமட்டமாகச் செல்லும், துலக்கினாலும் போகாது. ஈறோரத்தில் மட்டும் படிந்து, துலக்கினால் குறைவது அழுக்கு. ஒற்றைப் பல்லில் மட்டும் காணப்படுவதற்கு அடிபட்டது போன்ற வேறு காரணம் இருக்கக்கூடும். இருவர் தனித்தனியே குறித்து, பின்னர் ஒப்பிட்டால், எங்கே கருத்து மாறுபடுகிறது என்பதும் தெரியவரும்.

எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்காமலும் போகலாம். அப்போது திட்டம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவது பிழை. குழாய் வந்தபின்னும் அவ்வீடு ஆழ்துளைக் கிணற்று நீரையே பருகியிருக்கலாம். குடும்பம் வேலை தேடி வேறூரில் இருந்தபோது பிள்ளை வளர்ந்திருக்கலாம். குழாய் வருவதற்கு முன்பே வசதியுள்ள வீடு சுத்திகரித்த கேன் நீரை வாங்கியிருக்கலாம். ஆகவே 'ஐந்து வயது வரை எங்கே இருந்தாய், எந்த நீரைக் குடித்தாய்?' என்ற கேள்வியைப் பிள்ளையிடமன்றித் தாயிடமோ பாட்டியிடமோ கேட்க வேண்டும். பாடநூல் அறியாத ஊர்ச்செய்தி இவ்விடத்தில்தான் ஆய்வுக்குள் நுழைகிறது.

உரை விட்டுவிடக்கூடாத மற்றொன்றும் உண்டு. சொந்தச் சமூகத்தின் பிரச்சினை என்பது சில வேளைகளில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் முகத்தில் இருக்கிறது. கறைபடிந்த பற்களைக் கையால் மறைத்துச் சிரிக்கும் பிள்ளையை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வது ஆய்வாகாது. பிள்ளையின் விருப்பமும் பெற்றோரின் ஒப்புதலும் முன்னரே பெறப்பட வேண்டும்; மறுப்பவரிடம் காரணம் கேட்கலாகாது; தனியறையில் பார்த்து, பெயருக்குப் பதில் எண் குறிக்க வேண்டும்; நிழற்படம் கூடாது. முடிவு கண்காட்சி அட்டைக்குச் செல்லுமுன் ஊராட்சிக்கும் பெற்றோருக்கும் சொல்லப்பட வேண்டும். இக்கடமைகளைக் கூறாமல் 'உங்கள் சமூகத்தை ஆராயுங்கள்' என்று மட்டும் சொல்லும் உரை, வறிய வீட்டுப் பிள்ளைகளை மற்றவர்களின் ஆய்வுப் பொருளாக்கிவிடும்.

அவ்வட்டாரப் பள்ளியொன்றில் தெலுங்கில் நிகழ்த்தத்தக்க அவ்வுரையின் சாரம் தமிழில் இவ்வாறு அமையலாம்:

"நண்பர்களே, நம் ஊர் நீரைப் பற்றி எல்லோரும் அறிவோம். ஆனால் ஒன்றை இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. குழாய்நீர் வந்தபின் வளர்ந்த தம்பி தங்கையரின் பற்கள் நம் பற்களைவிட வெண்மையாக இருக்கின்றனவா? இருந்தால், குழாய் தன் வேலையைச் செய்கிறது. இல்லையென்றால், எந்தத் தெருவில், ஏன் குழாய்நீர் பருகப்படவில்லை என்று அடுத்துக் கேட்போம். விரும்புவோர் மட்டும் சேரலாம். விரும்பாதவரை எவரும் கேலி செய்யலாகாது. நீங்களும் உங்கள் தெருவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயரை எழுதியதும் நிறுத்திவிடாதீர்கள். எங்கே, எத்தனை, எப்போது என்பவற்றுள் ஒன்றை அதனுடன் சேர்த்துக் கேள்வியாக எழுதுங்கள். அதற்கு யாரிடம் விடை இருக்கிறது, யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைக் கீழே எழுதுங்கள்."

இதைப் பேச இரண்டு நிமிடம் போதும். கேட்டவர்களுள் பத்துப் பேர் வகுப்புக்குத் திரும்பித் தம் தலைப்பை வினாவாக மாற்றி எழுதினால் உரை பயனளித்தது எனலாம். கைதட்டல் அதற்கு அளவுகோலன்று.