துணைவிதிக்கு முதல் சோதனை எது?

நகராட்சியின் துணைவிதி ஒன்று அநியாயமாகப் பட்டால், ‘இது நியாயமற்றது’ என்ற வாதமே நமக்கு முதலில் தோன்றுகிறது. நீதிமன்றத்தில் வெல்வதற்குக் கடினமான வாதமும் அதுவே. அதற்கு முன் கேட்க வேண்டியது: இப்படியொரு விதியை இயற்ற மூலச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறதா?

உத்தரப் பிரதேசத்தின் ஜலாலாபாத் நகரக் குழு தொடர்பான முகமது யாசீன் வழக்கில் 1952-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. காய்கறி, பழ மொத்த வியாபாரத்தில் கமிஷன் வசூலிக்கும் உரிமை முழுவதும் தனக்கே என்று குழு துணைவிதி இயற்றியது. பிறகு அந்த உரிமையை ஏலம்விட்டு ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தது. சொந்தக் கடையில் வியாபாரம் செய்துவந்தவரும் அவருக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தது.

நீதிமன்றம் 1916-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தைப் புரட்டியது. குழுவின் பொறுப்பிலுள்ள இடத்தையோ தெருவையோ பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கலாம் என்று மட்டுமே அதில் இருந்தது. குழுவின் இடத்தில் கால் வைக்காத வியாபாரியிடம் வாங்க அதிகாரம் இல்லை. அதிகாரமின்றிப் பிறந்த விதி சட்டமே ஆகாது என்பதால், தொழில் உரிமைமீதான ‘நியாயமான கட்டுப்பாடு’ என்று அதற்கு அரசியல் சாசனப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. கட்டணம் அதிகமா, குறைவா என்று ஆராயும் தேவையே எழவில்லை.

நியாயத்தன்மைச் சோதனை வேறு வகை. இங்கிலாந்தின் கென்ட் கவுன்டி மன்றம், வீட்டிலிருந்து 50 கெஜத்துக்குள் பாடுபவரோ இசைக்கருவி வாசிப்பவரோ, காவலரோ வீட்டாரோ நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று விதித்தது. யாருக்கும் தொந்தரவு நேர்ந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. 1898-ல் குரூஸ் எதிர் ஜான்சன் வழக்கில் தலைமை நீதிபதி ரஸ்ஸல் அந்த விதியை நிலைநிறுத்தினார். நீதிபதி மேத்யூ மட்டும் மாறுபட்டார். உள்ளூர்த் தேவையை அறிந்தவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள்; நீதிபதிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக விதி செல்லாததாகிவிடாது என்பது ரஸ்ஸலின் நிலை. ஒரு சாராரிடம் பாரபட்சம், வெளிப்படையான அநீதி, தீய நோக்கம், எந்த அறிவுள்ளவரும் ஏற்க முடியாத அத்துமீறல் ஆகியவை இருந்தால் மட்டுமே விதி வீழும்.

இந்தியாவில் அரசியல் சாசனத்தின் 14, 19-ஆம் பிரிவுகள் இதைவிட வலுவான கேடயம் தருகின்றன. ஆனாலும் வரிசை மாறவில்லை: முதலில் அதிகாரம், பிறகு நியாயம். அரசின் ஒப்புதலோ அரசிதழ் அறிவிப்போ இல்லாத அதிகாரத்தை உண்டாக்கிவிடாது.

எனவே, வரைவு விதி ஆட்சேபத்துக்கு வரும்போதே அதன் முகப்பில் குறிப்பிடும் சட்டப் பிரிவை எடுத்து, வரைவின் ஒவ்வொரு வாசகத்துடனும் ஒப்பிட வேண்டும். ‘ஒழுங்குபடுத்த’ என்று பிரிவு சொல்லும் இடத்தில் வரைவு முற்றாகத் தடை விதித்தால், இடத்துக்கான கட்டணம் தொழிலுக்கான வசூலாக மாறியிருந்தால், ஆட்சேபத்தை அங்கேயே எழுத வேண்டும். மன்ற உறுப்பினர்களும் கை தூக்கும் முன் அந்தப் பிரிவைப் படித்திருக்க வேண்டும்.