மாட்டிப் பார்த்துக் காசு கொடுங்கள்!



வீட்டுக்குப் பழைய கார் ஒன்று வந்தால் நம்ம ஆளுங்க முதலில் ஓடுவது சீட் கவருக்கு. அப்புறம் பாலிஷ். வைப்பர் ஞாபகம் வருவது மழை கொட்டும்போதுதான். என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். 2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வண்டி சும்மா நின்றாலும் வெயிலில் வைப்பர் ரப்பர் விறைத்துப் போகும். கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து ஓட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் ரப்பர் போச்சு. போகும்போது சுத்தமாகத் துடைத்து, திரும்பும்போது மட்டும் தடதடவென்று துள்ளினால் பெரும்பாலும் வைப்பர் கை முறுக்கியிருக்கும். கையை நேராக்காமல் புது பிளேடு போட்டாலும் அதே கூத்துதான். பழைய பிளேடைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நீளமும் கொக்கியும் ஒத்துப்போகணும். நீளம் கூடினால் ஓரத்தில் இடிக்கும். பிளேடு இல்லாத கைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். அது ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரியும்!

அடுத்து பாலிஷ். இதில் நுண்ணிய அரம் போன்ற பொடி உண்டு. பெயின்ட்டைக் கொஞ்சம் சீவித்தான் பளபளப்பு வருகிறது. வாக்ஸ் சீவாது, மேலே படியும். மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை, கலர் பெயின்ட்டே கரைகிறது என்று அர்த்தம். அங்கே கை அழுத்தமாகப் போனால் மடிப்பு ஓரங்களில் பிரைமர் எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு தடவை மெல்லிய பாலிஷ், பிறகு வாக்ஸ் போதும். கிளியர் கோட் உரிந்த வண்டிக்கோ எந்த பாலிஷும் மருந்தில்லை, பெயின்ட்தான் அடிக்கணும்.

கடைசியில் சீட் கவர். ரெக்சினைத் துடைப்பது சுலபம். ஆனா மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும். துணி அப்படிச் சுடாது. அழுக்கு மட்டும் சீக்கிரம் ஏறும். எதை வாங்கினாலும் 'எல்லா வண்டிக்கும் சேரும்' என்ற கவரை நம்பாதீங்க. மாட்டியபின் உட்கார்ந்து முன்னும் பின்னும் நகருங்கள். கவர் உடம்போடு நழுவினால் அளவு தப்பு. சீட் பெல்ட் பூட்டு உள்ளே புதையக்கூடாது, பின் சீட் மடங்கணும். நுரை அமுங்கிய சீட்டுக்கு முதலில் நுரையை மாற்றுங்கள்.

கடையை எப்படி நம்புவது? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆனாலும் சரி, உங்க ஊர் பஜார் ஆனாலும் சரி, சோதனை ஒன்றே. "வண்டியில மாட்டிப் பாருங்க, சேரலைன்னா மாத்தித் தர்றேன்" என்று சொல்லி, அதையே பில்லில் எழுதியும் தருகிறாரா? அவரிடம் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. டப்பாவைப் பிரிக்கவே விடாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் கட்சி.