நாடா சொல்லும், தராசு சொல்லாது

பிள்ளையார்பாளையத்தில் இந்த வாரம் நடந்த மருத்துவ முகாமில் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பிஎம்ஐ 25-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று பச்சைக் கட்டத்தில் போட்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற நெசவாளர் 165 செ.மீ. உயரம், 62 கிலோ எடை. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 22.8. "ஒண்ணும் இல்லண்ணே, நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். கை கால் ஒல்லி. வேட்டிக் கட்டுக்கு மேலே வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

பிஎம்ஐ எதைக் காட்டாது என்பதற்கு 2004 ஜனவரியில் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒரே கிலோதான். நம்மவர்களுக்குத் தசை குறைவு. கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேருகிறது. சர்க்கரை நோய்க்கு வழி விடுவது அந்தக் கொழுப்பு.

அதே இதழில் உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவும் ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை வேண்டும் என்றது. ஆபத்து தொடங்கும் புள்ளி ஆசியாவுக்குள்ளேயே 22 முதல் 25 வரை ஊருக்கு ஊர் மாறியதால் பொது வரம்பை மட்டும் மாற்றவில்லை. இந்திய மருத்துவர்கள் 2009-ல் 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று வைத்தார்கள். நம் நெசவாளரோ 23-க்கும் கீழே. வரம்பைக் குறைத்த பிறகும் தப்பிவிடுகிறார். அவரைப் பிடிக்க நாடாதான் வேண்டும்.

தையல்காரர் நாடா போதும். பேன்ட் சைஸை நம்பக் கூடாது; அது தொந்திக்குக் கீழே கட்டுவது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் உடம்பில், நாடாவைத் தரைக்குச் சமமாகச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல் இயல்பாக மூச்சை விட்டு, அந்த முடிவில் பாருங்கள். நாடா தோலை அழுத்தக் கூடாது. முதுகுப்பக்கம் அது இறங்கிவிட்டால் அளவு தப்பும். இன்னொருவர் பின்னால் நின்று பார்ப்பது நல்லது. நம் நெசவாளருக்குப் பிறகு இப்படி எடுத்தபோது 94 செ.மீ. வந்தது.

நாடாவுக்கும் எல்லை உண்டு. கர்ப்பிணிக்கும் வயிற்றில் நீர் கோத்தவருக்கும் அது பொருந்தாது. தோலடிக் கொழுப்பையும் உள்கொழுப்பையும் அது பிரித்துக் காட்டாது. 94 என்பது நோய் என்ற தீர்ப்பும் ஆகாது. வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லும் அளவு அது. "நார்மல்" என்று அனுப்பப்பட்டவருக்கு அந்த மூன்று பரிசோதனையையும் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.